வீடியோவைச் சூழ்ந்த கறுப்புப் பட்டை: அது எங்கிருந்து வருகிறது, எப்படி வெட்டுவது

மார்த்தாண்டத்தில் இருக்கும் என் சித்தி, மகளின் கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் போட்டுப் புதிய 43 அங்குல டிவியில் ஓடவிட்டபோது, படம் திரையின் நடுவில் சிறியதாக நின்றது. மேலும் கீழும் இடமும் வலமுமாக நான்கு புறமும் கறுப்பு. "மக்ளே, டிவி பெருசுதான், படம் மட்டும் ஏன் சுருங்கிப் போச்சு? இத முழுசா வர வைக்க முடியுமா?" என்று தொலைபேசியில் கேட்டார். முடியும் என்றுதான் சொன்னேன். ஆனால் எல்லா வீடியோவுக்கும் அதே பதிலைச் சொல்ல முடியாது. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் கறுப்புப் பட்டை இரண்டு வேறு இடங்களிலிருந்து வருகிறது; அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வெட்டத் தொடங்கினால், உழைப்பு வீணாகும் அல்லது படத்தில் நின்ற ஆட்கள் காணாமல் போவார்கள்.

முதல் வகைக் கறுப்பு கோப்பில் இல்லவே இல்லை. கோப்பில் உள்ள படத்தின் வடிவமும் திரையின் வடிவமும் பொருந்தாதபோது, மிஞ்சும் இடத்தை டிவியோ போனோ தானே கறுப்பால் நிரப்பிக்கொள்கிறது. இன்றைய டிவிகளின் அகலமும் உயரமும் 16-க்கு 9 என்ற விகிதத்தில் இருக்கின்றன. பழைய குழாய் டிவிகள் 4-க்கு 3 என்ற விகிதத்தில், ஏறத்தாழச் சதுரமாக இருந்தன. 4-க்கு 3 படத்தைப் புதிய டிவியில் போட்டால் இடப்புறமும் வலப்புறமும் கறுப்பு வரும். திரையரங்கத்திற்காக எடுத்த அகலப் படத்தைப் போட்டால் மேலும் கீழும் வரும். இந்தக் கறுப்பை வெட்டி எடுக்க இயலாது. வெட்டுவதற்குக் கோப்பில் கறுப்பே இல்லை.

இரண்டாம் வகைக் கறுப்பு கோப்புக்குள்ளேயே படமாகப் பதிந்திருக்கிறது. யாரோ ஒருவர் வீடியோவை மாற்றிச் சேமித்தபோது, மென்பொருள் கறுப்பையும் சேர்த்து ஒரே படமாக எழுதிவிட்டது. டிவிக்கு அது கறுப்பு என்று தனியாகத் தெரியாது. இருண்ட சுவரைக் காட்டுவதைப்போல அதையும் கவனமாகக் காட்டிக்கொண்டிருக்கும். வெட்டி எடுக்கக்கூடியது இந்தக் கறுப்புதான்.

இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கணினியில் வி.எல்.சி. பிளேயரில் வீடியோவைத் திறந்து, முழுத்திரைக்குப் போகாமல், சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். ஏதோ ஓர் அளவில் கறுப்பு முற்றிலும் மறைந்து, படம் சாளரத்தை ஓரம்வரை நிரப்பினால், கோப்பு சுத்தமாக இருக்கிறது. எப்படி இழுத்தாலும் கறுப்பு படத்தோடு சேர்ந்தே பெரிதாகிச் சிறிதானால், அது கோப்புக்குள் இருக்கிறது. சரியான எண்ணும் வேண்டுமென்றால் Tools பட்டியலில் Codec Information என்பதைத் திறந்து, Video resolution என்ற வரியைப் பாருங்கள். அதன் அருகில் Buffer dimensions என்று 1920x1088 போன்ற எண் தெரிந்தால் குழம்ப வேண்டாம். வீடியோவைச் சுருக்கும் முறை படத்தைப் பதினாறு பதினாறு புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிப்பதால் வரும் உபரி அது, படத்தின் உண்மையான அளவு 1080 வரிகள்தான்.

சித்தியின் கோப்பு 1920x1080 என்று காட்டியது. அது முழு 16-க்கு 9 வடிவம். அப்படியிருந்தும் நான்கு புறமும் கறுப்பு வருகிறதென்றால் அத்தனையும் கோப்புக்குள் இருக்கிறது என்றுதான் பொருள். இது நேர்ந்த விதத்தையும் ஊகிக்க முடிந்தது. கல்யாணம் 2006-இல் நடந்தது. கேமரா அகல வடிவத்தில் படம் பிடித்தது. ஆனால் அன்று பெரும்பாலான வீடுகளில் இருந்தது குழாய் டிவி என்பதால், ஸ்டுடியோவில் மேலும் கீழும் கறுப்பு சேர்த்து 4-க்கு 3 வடிவ டிவிடியாகக் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து அந்த டிவிடியை ஒரு கடையில் கொடுத்து டிவியில் பார்க்கும் கோப்பாக மாற்றியபோது, 4-க்கு 3 படத்தை 16-க்கு 9 சட்டகத்தில் வைப்பதற்காக இடமும் வலமும் கறுப்பு சேர்ந்தது. ஆக, அகலப் படம் ஒன்று முதலில் மேல்கீழாகவும் பிறகு பக்கவாட்டிலும் என இருமுறை கூண்டுக்குள் அடைபட்டிருக்கிறது.

இதைக் கணக்காகப் பார்த்தால் வெட்டும் அளவுகள் தாமே கிடைக்கின்றன. 1080 உயரமுள்ள 4-க்கு 3 படத்தின் அகலம் 1440. 1920-இல் 1440 போக மிஞ்சுவது 480. அது பக்கத்துக்கு 240 ஆகப் பிரிகிறது. அந்த 1440 அகலத்துக்குள் இருக்கும் 16-க்கு 9 படத்தின் உயரம் 810. 1080-இல் 810 போக மிஞ்சுவது 270. மேலே 135, கீழே 135. ஆகவே சித்தி பார்த்துக்கொண்டிருந்தது 1440-க்கு 810 அளவுள்ள படம். 43 அங்குல டிவி வாங்கி, ஏறத்தாழ 32 அங்குல டிவியின் அளவுக்குத்தான் கல்யாணத்தைப் பார்த்திருக்கிறார். நல்ல செய்தி என்னவென்றால் 1440-க்கு 810 என்பதே மிகச் சரியாக 16-க்கு 9. கறுப்பை மட்டும் நீக்கிவிட்டால், ஓர் ஆளின் தோள்கூட வெட்டுப்படாமல் படம் திரையை நிரப்பிவிடும். இப்படி நான்கு புறமும் ஒரே விகிதத்தில் கறுப்பு இருக்கும் வீடியோவில்தான் எதையும் இழக்காமல் முழுத்திரையைப் பெற முடிகிறது.

கணக்கை நம்பி உடனே வெட்டிவிடக் கூடாது. உண்மையான கோப்பில் அளந்து பார்க்க வேண்டும். அதற்கு எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மென்பொருளில் பட்டையைக் கண்டுபிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. கீழ்க்காணும் கட்டளை, வீடியோவின் பத்தாவது நிமிடத்திலிருந்து முப்பது விநாடிகளைப் படித்து, எதையும் சேமிக்காமல், படம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மட்டும் சொல்லும்.

```
ffmpeg -ss 600 -i kalyanam.mp4 -t 30 -vf cropdetect=limit=24:round=2 -f null -
```

விடையாக வரி வரியாக ஓடும் எழுத்துகளில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் crop= என்று தொடங்கும் நான்கு எண்கள் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது உயரம், மூன்றாவது இடப்புறத்திலிருந்து எத்தனை புள்ளிகள் தள்ளி, நான்காவது மேலிருந்து எத்தனை வரிகள் தள்ளி வெட்டத் தொடங்க வேண்டும் என்பது. சித்தியின் கோப்பில் எனக்குக் கிடைத்தது இது:

```
crop=1440:808:240:136
```

கணக்கு 810 என்று சொல்ல, மென்பொருள் 808 என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் அன்றாடம் பார்க்கும் வீடியோக்களில் ஒளியின் அளவு ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக எழுதப்படுகிறது. நிறமோ இரண்டுக்கு இரண்டாக நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒருமுறைதான் எழுதப்படுகிறது. 135 என்ற ஒற்றைப்படை வரியில் வெட்டினால் அந்த நான்கு புள்ளிக் கட்டம் பாதியில் பிளந்துவிடும். ஆகவே மென்பொருள் மேலே 136-ஆவது வரிக்கு நகர்ந்து, மேலே ஒரு வரியையும் கீழே ஒரு வரியையும் விட்டுக்கொடுத்து, எல்லாவற்றையும் இரட்டைப்படையாக வைத்துக்கொள்கிறது. அந்த வரிகளால் இழப்பு எதுவும் இல்லை. கறுப்பும் படமும் சேரும் எல்லையில் இரண்டும் கலந்து மங்கிய நிறம்தான் இருக்கும்.

இந்த அளவீட்டில் தவறு நேரும் இடங்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே முதல் முயற்சியில் ஏமாந்தேன். வீடியோவின் தொடக்கத்திலிருந்து அளந்தபோது உயரம் 874 என்று வந்தது. மேலே 136 வரிகள் கறுப்பு, கீழே 70 வரிகள்தான் கறுப்பு. ஒருவர் கையால் நகர்த்தியிருந்தாலொழிய மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் சமமாகவே இருக்கும். சமமாக இல்லையென்றால் ஏதோ இடறுகிறது என்று பொருள். படத்தை நிறுத்திப் பார்த்தேன். மணமக்களின் பெயர்களையும் தேதியையும் கீழ்க் கறுப்புப் பட்டையின் மேல் பெரிய வெள்ளை எழுத்தில் ஸ்டுடியோக்காரர்கள் எழுதியிருந்தார்கள். மென்பொருள் ஒவ்வொரு வரிசையின் சராசரி ஒளியைப் பார்த்துத்தான் கறுப்பா இல்லையா என்று முடிவு செய்கிறது. எழுத்துகள் இருந்த வரிசைகளின் சராசரி 24 என்ற எல்லையைத் தாண்டியதால் அவற்றையும் படமாக எண்ணிக்கொண்டது.

இதற்கு நேர்மாறான தவறு இருட்டான காட்சியில் நடக்கும். இரவு வரவேற்பில் ஓரங்களில் விளக்கில்லாமல் இருந்தால், அந்த இருட்டையும் பட்டையாக எண்ணி மென்பொருள் குறுக்கிச் சொல்லும். ஆகவே எழுத்து இல்லாத, ஓரம்வரை வெளிச்சமுள்ள பகற்காட்சியாகத் தேர்ந்தெடுத்து அளக்க வேண்டும். நான் பத்தாவது நிமிடத்துக்குப் போனது அதனால்தான். அங்கே ஆலய வாசலில் எல்லோரும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு மூன்று இடங்களில் அளந்து ஒரே எண் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வீடியோவில் சில பகுதிகள் 4-க்கு 3 ஆகவும் சில பகுதிகள் அகலமாகவும் கலந்திருப்பது கல்யாணத் தொகுப்புகளில் அரிதன்று.

பட்டையில் எழுதியிருந்த பெயர்கள் வெட்டும்போது போய்விடும் என்பதைச் சித்தியிடம் முன்கூட்டியே சொன்னேன். "பேரு எங்களுக்குத் தெரியாதா மக்ளே, மூஞ்சி தெரிஞ்சாப் போதும்" என்றார். ஆனாலும் பழைய கோப்பை அழிக்க விடவில்லை. வெட்டிய பகுதியைப் புதிய கோப்பிலிருந்து ஒருபோதும் மீட்க முடியாது.

வெட்டும் கட்டளை இதுதான். அகலத்தில் பக்கத்துக்கு இரண்டு புள்ளிகள் குறைத்து 1436 என்று வைத்திருக்கிறேன். உயரம் 808 ஆகக் குறைந்ததால் அகலத்தையும் சற்றுக் குறைத்தால்தான் விகிதம் 16-க்கு 9-ஐ ஒட்டி நிற்கும்.

```
ffmpeg -i kalyanam.mp4 -vf crop=1436:808:242:136 -c:v libx264 -crf 18 -preset slow -c:a copy kalyanam_muzhu.mp4
```

வெட்டுவதென்றால் கத்தரிக்கோலால் ஓரத்தை நறுக்குவதுபோல் எளிதாக முடிந்துவிடாது. சுருக்கப்பட்ட வீடியோவை விரித்து, ஒவ்வொரு படத்தையும் வெட்டி, மறுபடியும் சுருக்க வேண்டும். இப்படி இரண்டாம் முறை சுருக்கும்போது தரம் சிறிது குறையும். -crf 18 என்ற எண் அந்தக் குறைவைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் வைக்கிறது. அந்த எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். ஒலியை நாம் தொடவில்லை. -c:a copy என்பது அதை அப்படியே எடுத்து வைக்கச் சொல்கிறது. வெட்டியதை 1920-க்கு 1080 என்று பெரிதாக்கிச் சேமிக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பது என் கருத்து. பெரிதாக்குவதால் புதிய நுணுக்கம் எதுவும் பிறக்காது. திரைக்கேற்பப் பெரிதாக்கும் வேலையை டிவியே செய்துகொள்ளும்.

கட்டளை எழுதப் பழகாதவர்கள் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் இதையே செய்யலாம். கோப்பைத் திறந்ததும் Dimensions என்ற பகுதியில் Cropping என்பதைப் பாருங்கள். அது வழக்கமாகத் தானே பட்டையைக் கண்டுபிடித்து எண்களை நிரப்பியிருக்கும். அந்த எண்களை அப்படியே நம்பாமல், Custom என்று மாற்றி மேல், கீழ், இடம், வலம் என நான்கு பெட்டிகளிலும் நீங்கள் அளந்த எண்களை இடுங்கள். சித்தியின் கோப்புக்கு மேலும் கீழும் 136, இடமும் வலமும் 242. Preview-இல் ஓரங்களைப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் போதும்.

இவ்வளவு செய்த பிறகு சித்தி, அலமாரியில் பழைய டிவிடி இன்னும் இருக்கிறது என்று சொன்னார். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. டிவிடியில் படம் 720-க்கு 576 அளவில் இருக்கும். அதில் மேலும் கீழும் 72 வரிகள் கறுப்பு போக, உண்மையான படம் 432 வரிகள்தான். கடையில் மாற்றிய கோப்பில் நாம் கண்ட 810 வரிகள் அந்த 432 வரிகளை இழுத்துப் பெரிதாக்கியவை. ஆகவே மூல டிவிடி கிடைத்தால், இடைக்கோப்பை ஒதுக்கிவிட்டு அதிலிருந்து நேரடியாக வெட்டுவதே நல்லது. இடையில் ஒருமுறை சுருக்கியதால் வந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

```
ffmpeg -i VTS_01_1.VOB -vf bwdif,crop=720:432:0:72 -c:v libx264 -crf 18 -c:a aac -b:a 192k kalyanam_dvd.mp4
```

இதில் VTS_01_1.VOB என்பது டிவிடியில் உள்ள வீடியோக் கோப்பின் பெயர். bwdif என்பது, அக்கால வீடியோக்களில் ஆட்கள் அசையும்போது சீப்பின் பற்கள்போலத் தெரியும் கோடுகளை நீக்குவதற்கானது. அதை வெட்டுவதற்கு முன்னால் வைக்க வேண்டும். 720-க்கு 432 என்பது 16-க்கு 9 ஆகவில்லையே என்று கணக்குப் போட்டவர்களுக்குத் தோன்றும். டிவிடியின் புள்ளிகள் சதுரமானவை அல்ல. கோப்பில் உள்ள ஒரு குறிப்பு, ஒவ்வொரு புள்ளியையும் 16-க்கு 15 என்ற விகிதத்தில் அகலப்படுத்திக் காட்டச் சொல்கிறது. அப்படி அகலப்படுத்தினால் 720 என்பது 768 ஆகும்; 768-க்கு 432 சரியாக 16-க்கு 9. எஃப்.எஃப்.எம்பெக் அந்தக் குறிப்பை வெட்டிய கோப்பிலும் வைத்துக்கொள்கிறது. சரியாக வந்ததா என்று பார்க்க, படத்தில் வட்டமான பொருள் ஒன்றைத் தேடுங்கள். நான் பார்த்தது மணப்பெண்ணின் முன்னால் இருந்த தாம்பாளத்தை. அது மேலிருந்து தெரிந்த காட்சியில் வட்டமாகவே நின்றது. முட்டை வடிவில் தெரிந்திருந்தால் படம் இழுபட்டிருக்கிறது என்று முடிவு செய்திருப்பேன்.

டிவி ரிமோட்டில் உள்ள முழுத்திரை வசதிகளில் சில செய்வது இந்த இழுவையைத்தான். படத்தை ஒரு திசையில் மட்டும் நீட்டி, முகங்களைப் பருக்க வைத்துத் திரையை நிரப்பிவிடுகின்றன. Zoom என்ற வசதி அப்படிப்பட்டதன்று. அது இரு திசையிலும் ஒரே அளவில் பெரிதாக்குவதால் வடிவம் கெடாது. சித்தியின் கோப்பைப் போன்றவற்றுக்கு, வெட்டும் வேலை எதுவும் செய்யாமல் டிவியின் Zoom மட்டுமே போதுமாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் அதைப் போட வேண்டும் என்பது ஒன்றுதான் தொல்லை.

இனி, கறுப்பை நீக்கினாலும் திரை நிரம்பாத வீடியோக்களைப் பார்க்க வேண்டும். திரையரங்க வடிவில் எடுத்த படம் ஒன்று 1920-க்கு 1080 கோப்பில் மேலும் கீழும் 138 வரிகள் கறுப்போடு இருக்கிறது என்று கொள்ளுங்கள். கறுப்பை வெட்டினால் 1920-க்கு 804 என்ற கோப்பு கிடைக்கும். அதை டிவியில் போட்டதும் அதே கறுப்பு அதே இடத்தில் மீண்டும் வந்து நிற்கும். இம்முறை அதைச் சேர்ப்பது டிவி. திரையை நிரப்ப விரும்பினால் பக்கங்களிலும் வெட்டியாக வேண்டும்: 804 உயரத்துக்கு 16-க்கு 9 அகலம் ஏறத்தாழ 1429, அதாவது அகலத்தில் கால்பங்கு போய்விடும். இரண்டு பேர் எதிரெதிர் ஓரங்களில் நின்று பேசும் காட்சியில் இருவரும் பாதி முகத்தோடு நிற்பார்கள். இத்தகைய படத்தில் கறுப்பை அப்படியே விட்டுவைக்கவே நான் சொல்வேன். படம் எடுத்தவர் அமைத்த சட்டகம் அது.

செங்குத்தாகப் பிடித்த போன் வீடியோவில் இழப்பு இன்னும் பெரிது. என் நண்பர் ஒருவர் கன்னியாகுமரிப் படகுத்துறையிலிருந்து திருவள்ளுவர் சிலையை அடிமுதல் முடிவரை சட்டகம் நிரம்ப எடுத்து, அதை டிவி முழுக்க வர வைக்க வேண்டும் என்று கேட்டார். கோப்பு 1080-க்கு 1920. அகலம் 1080 ஆக இருந்தால் 16-க்கு 9 வடிவத்துக்கு உயரம் 608 வரிகள்தான் கிடைக்கும். மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சிலையின் மொத்த உயரம் 133 அடி, அதில் பீடம் 38 அடி, அதன்மேல் வள்ளுவர் 95 அடி. டிவியை நிரப்ப வெட்டினால் ஒரு நேரத்தில் ஏறத்தாழ 42 அடிதான் தெரியும்: பீடத்தைக் காட்டினால் வள்ளுவரின் பாதங்களோடு முடிந்துவிடும், முகத்தைக் காட்டினால் இடைக்குக் கீழே எதுவும் இருக்காது. நண்பர் முகம் இருக்கும் பகுதியே போதும் என்றார். அதற்கு மேலிருந்து தொடங்கும் எண்ணைச் சுழியமாக வைத்தேன்:

```
ffmpeg -i silai.mp4 -vf crop=1080:608:0:0 -c:v libx264 -crf 18 -c:a copy silai_mugam.mp4
```

கடைசிச் சுழியத்தை 1312 என்று மாற்றினால் பீடமும் பாதங்களும் வரும். இடைப்பட்ட எண்களைப் போட்டால் இடைப்பட்ட பகுதி வரும். வெட்டாத முழுச் சிலையையும் அவர் தனியாக வைத்திருக்கிறார். அதைப் போனைச் செங்குத்தாகப் பிடித்தே பார்க்கிறார். அந்தத் திரையில் கறுப்பு, டிவியில் வருவதைவிட மிகக் குறைவு.